பாம்பைப் பார்க்காதே, பிடித்திருப்பவனைப் பார்!

பிரின்டர் மேல் ஒரு ரப்பர் பாம்பு சுருண்டு கிடக்கிறது. அதன் கழுத்தில் பழைய ஐ.டி. கார்டு ஒன்றை மாட்டி, பதவி என்ற இடத்தில் ‘முதுநிலை ஆலோசகர்’ என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம்!

சென்னையில் ஒரு செய்தி நிறுவனத்தின் மாடி. வாட்ஸப்பில் சுற்றும் படங்கள் நிஜமா, டூப்பா என்று பார்த்துச் சொல்கிற டெஸ்க் இங்கேதான் இருக்கிறது. ‘யார் பேரையும் போடாதீங்க’ என்ற ஒரே நிபந்தனையோடு சாயங்காலம் முழுக்க உட்கார விட்டார்கள். உள்ளே வாங்க, காலடியில் வயர் கிடக்கிறது, பார்த்து. ஏ.சி. இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. மேஜை மேல் தையல்காரர் டேப், உலக வரைபடம், ஆறிப்போன பஜ்ஜி. சுவரில் கறுப்பு வெள்ளையில் ஒரு நீளக் கழுத்து தண்ணீரிலிருந்து எட்டிப் பார்க்கிறது. 1934-ல் லண்டன் ‘டெய்லி மெயில்’ வெளியிட்ட நெஸ் ஏரி ராட்சசன்! இவர்களின் குலதெய்வம் மாதிரி மேலே மாட்டியிருக்கிறார்கள்.

டெஸ்க்கை நடத்துகிறவரை எல்லோரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எடிட்டரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அக்காவுக்கு வலப்பக்கம் தூத்துக்குடிக்காரத் தம்பி ஒருவர், இடப்பக்கம் புதிதாகச் சேர்ந்த பெண். வாசகர்கள் சந்தேகப் படங்களை அனுப்புகிற போன் மேஜை நடுவில் கிடக்கிறது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை உறுமுகிறது.

“வந்துட்டாய்யா!” என்கிறார் தம்பி.

ராட்சசப் பாம்பு. இந்த அறையில் அதற்குத் தனிக் கொண்டாட்டம். அரசியல் வதந்தி வந்தால் முகம் சுருங்குகிறவர்கள், பாம்பு வந்தால் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். நானும்தான்.

படத்தில் இளைஞர்கள் நீள வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் கைகளில் கிடக்கிறது ஒரு வெள்ளி உடம்பு. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒரே உயிரினம். கீழே ஓடும் எழுத்து: நாகலோகத்து ராணி, மெக்கோங் ஆற்றில் அமெரிக்க ராணுவம் பிடித்தது, லாவோஸ் ராணுவ முகாம், 1973 ஜூன் 27, நீளம் 7.80 மீட்டர். மேலே இரட்டை அம்புக்குறி. ஒரு செய்தி குறைந்தது ஐந்து கை தாண்டி வந்தால்தான் வாட்ஸப் அந்த அடையாளத்தைப் போடும். அனுப்பியவர் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘இது உண்மையா? எங்க வீட்ல சண்டை நடக்குது.’

எனக்கோ கை பரபரக்கிறது. போட்டோஷாப்பில் இழுத்திருப்பார்கள், பெரிதாக்கிப் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம் தெரியும் என்று நானாகவே முடிவு கட்டி, திரையில் பாம்பின் தலைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துவிட்டேன். அக்கா என் தோளைத் தட்டினார்.

“பாம்பைப் பார்க்காதீங்க. பிடிச்சிருக்கிறவனைப் பாருங்க.”

இந்த டெஸ்க்கின் வேதமே அதுதான். கண் எங்கே போக வேண்டும் என்று படத்தை அனுப்பியவர் விரும்புகிறாரோ, அங்கே போகாதே. ஓரத்தைப் பார். உடை, செருப்பு, செடி, பின்னால் உள்ள கட்டடம், வண்டி நம்பர், நிழல். பொய் சொல்கிறவர் பாம்பை மட்டும்தான் மெனக்கெட்டுத் தயார் செய்வார். ஓரத்தை மறந்துவிடுவார்.

புதுப்பெண் எண்ண ஆரம்பித்தார். வரிசையில் நிற்பவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாது. அக்கா டேப்பை எடுத்துத் தம்பியின் தோளை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளந்தார். தம்பி வெட்கப்பட்டார். நாற்பத்தைந்து சென்டிமீட்டர், கொஞ்சம் கூட. பதினைந்து பேர் இடைவெளி இல்லாமல் நின்றாலே ஏழு மீட்டர் வந்துவிடும். ஆக, படத்தில் தெரிகிற நீளமும் கீழே எழுதியிருக்கிற நீளமும் அவ்வளவாகச் சண்டை போடவில்லை. அதோடு அத்தனை பேருடைய விரல்களும் அந்த உடம்பின் அடியில் சரியாக மடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு கைக்குக் கீழும் நிழல் விழுந்திருக்கிறது. ஒட்டுப்போட்ட படத்தில் இத்தனை கைக்கும் வேலை செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்?

“அப்போ… நிஜமா?” என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

“படம் நிஜமா இருக்கலாம். கதை நிஜமான்னு நான் இன்னும் சொல்லலையே” என்றார் அக்கா, பஜ்ஜியைக் கடித்தபடி.

தம்பிதான் அடுத்து. தலையைப் பெரிதாக்கினார். “அக்கா, பாம்புக்கு ஏதுக்கா செவுள்?” அவ்வளவுதான், அறை அதிர்ந்தது. செவுள் மூடி தெளிவாகத் தெரிகிறது. முதுகு நெடுக ஒரு துடுப்பு ஓடுகிறது. மீன்! துடுப்புமீன் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, ஓர்ஃபிஷ், அதுதான். ஆழ்கடலில் வாழ்வது, எலும்பு மீன்களிலேயே மிக நீளமானது. நோய்ப்பட்டோ செத்தோதான் பெரும்பாலும் கரைப்பக்கம் வரும். அதனால் பார்த்தவர்கள் குறைவு, பார்த்தவர்கள் சொன்ன கதை அதிகம். 2025-ல் தமிழ்நாட்டு மீனவர்கள் பிடித்ததாக ஒரு காணொளி நாடு முழுக்கச் சுற்றியது நினைவிருக்கும். கடல் மீன் மெக்கோங் ஆற்றுக்குள் எப்படி வந்தது? கேப்ஷனில் முதல் ஓட்டை.

இரண்டாவது ஓட்டையை உலக வரைபடத்தின் முன் நின்றுகொண்டு அக்கா போட்டார். வியட்நாமிலிருந்து அமெரிக்கப் போர்ப்படைகள் 1973 மார்ச் இறுதியில் வெளியேறிவிட்டன. லாவோஸிலோ அதே ஆண்டு பிப்ரவரியில் போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கெல்லாம் பிறகு ஜூன் மாதம் அங்கே நிம்மதியாக வரிசை கட்டி நின்று, சிரித்துக்கொண்டு மீன் தூக்கியவர்கள் யார்? இதை வைத்துப் பொய் என்று எழுத முடியாது, சந்தேகப்பட மட்டும் முடியும் என்று உடனே சொன்னார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது.

இப்போது தேடல். இங்கே ஒரு சின்னக் கைவேலை உண்டு, வெளியே யாருக்கும் தெரியாது. அப்படியே படத்தைத் தேடுபொறியில் போட மாட்டார்கள். முதலில் கீழே உள்ள எழுத்தை வெட்டி எறிவார்கள். எழுத்தோடு போட்டால், அதே எழுத்தோடு சுற்றுகிற பிரதிகளே வரிசையாக வந்து நிற்கும். பிறகு இடவலம் திருப்பிய இன்னொரு பிரதி. திருப்பிப் போட்டால் தேடல் ஏமாறும் என்று தெரிந்தே திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு மனிதர்கள் மட்டும் தெரிகிற ஒரு துண்டு. கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் போடுகிறார்கள். ஒன்று கண்டுபிடிக்காததை இன்னொன்று கண்டுபிடிக்கும்.

டின்ஐயில் ‘Oldest’ என்று ஒரு தேர்வு. அதை அழுத்தினால் அந்தப் படத்தை டின்ஐ முதலில் கண்ட பக்கங்கள் மேலே ஏறும். புதுப்பெண் அதை அழுத்தும்போது அறையில் ஒரு மௌனம், கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவரைப் பார்த்து நிற்பது போல.

“வந்துருச்சு!”

தாய்லாந்து. வடகிழக்கில் மெக்கோங் கரையோர ஊர்களில் இதே படம், இதே 1973 தேதியோடு, அட்டையாக விற்கிறது. விடுதிச் சுவரில் தொங்குகிறது. அந்த ஆற்றில் நாகர்கள் வாழ்வதாக அங்கே ஆழமான நம்பிக்கை உண்டு. கதை பிறந்த ஊர் கிடைத்துவிட்டது. படம் பிறந்த ஊர்?

அதற்கு இன்னும் கொஞ்சம் தோண்ட வேண்டியிருந்தது. பக்கம் பக்கமாகத் திறந்து மூடியதில், வேர்வை அக்காவின் மூக்குக் கண்ணாடியை வழுக்கி இறக்கியது. கடைசியில் வந்து சேர்ந்த இடம் அமெரிக்கக் கடற்படையின் சொந்தப் பத்திரிகை ‘ஆல் ஹேண்ட்ஸ்’, 1997 ஏப்ரல் இதழ். அதே வரிசை, அதே வெள்ளி உடம்பு. 1996 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில், சான் டியேகோவை ஒட்டிய கொரோனாடோ கடற்படைத் தளத்தின் கரையில் ஒதுங்கிய ஓர்ஃபிஷ். நீளம் 23 அடி, அதாவது சுமார் ஏழு மீட்டர். எடை 300 பவுண்டு, நம் கணக்கில் 136 கிலோ. தூக்கி நிற்பவர்கள் கடற்படையின் ‘சீல்’ பிரிவைச் சேர்ந்தவர்கள்.

பாருங்கள், படத்தில் ஒரு புள்ளிகூட யாரும் மாற்றவில்லை! பாம்பு இல்லை, ராணி இல்லை, லாவோஸ் இல்லை, 1973 இல்லை. இருந்த ஒரே உண்மை ‘அமெரிக்க ராணுவம்’ என்பதில் பாதி. படத்தை எடிட் செய்திருக்கிறார்களா என்று மட்டும் தேடியிருந்தால், ‘எடிட் செய்யவில்லை’ என்று பதில் அனுப்பி, அந்த வீட்டுச் சண்டையில் தப்பான கட்சியை ஜெயிக்க வைத்திருப்போம்.

இங்கே அக்கா எனக்கு ஒரு இனிப்பு வைத்திருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் விசாகப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்தவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். இந்தியப் பாம்புகளைப் பற்றி விரிவாக எழுதியவர். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இருப்பவர் இவர்தான். அதே ரஸ்ஸல் சோழமண்டலக் கரை மீன்களைப் பற்றியும் எழுதினார். ஓர்ஃபிஷ் இனங்களில் ஒன்றின் அறிவியல் பெயரிலும் அவர்தான் இருக்கிறார். பாம்புக்கும், பாம்பு என்று ஊரை ஏமாற்றுகிற மீனுக்கும் ஒரே பெரியவர்! இந்தத் தகவல் கட்டுரையில் இடம் பிடிக்காது, நீளம் கூடிவிடும் என்று அக்கா பெருமூச்சு விட்டார். அதனால் நான் இங்கே போட்டுவிட்டேன்.

போன் மறுபடி உறுமியது. இந்த முறை தம்பி கைதட்டிச் சிரித்தார். இது பழைய தோஸ்த்தாம், வருஷத்துக்கு ஒருமுறை வந்து தலைகாட்டிவிட்டுப் போகுமாம். ‘ஆப்பிரிக்காவின் அமேசான் ஆற்றில்’ பிடிபட்ட அனகோண்டா. 257 மனிதர்களையும் 2,325 விலங்குகளையும் கொன்றது. நீளம் 134 அடி, எடை 2,067 கிலோ. ‘ஆப்பிரிக்காவின் ராயல் பிரிட்டிஷ் கமாண்டோக்கள்’ 37 நாள் போராடிக் கொன்றார்களாம். அமேசான் ஆப்பிரிக்காவுக்குக் குடிபோன நாளிலேயே கதை முடிந்தது. ஆனால் இங்கே ஒரு கணக்கு போடுவார்கள், புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி.

மனிதர் வளர்த்த பாம்புகளில் மிக நீளமானது என்று 2011-ல் கின்னஸ் ஏற்றது மெடூசா. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் வளர்ந்த வலைப்பின்னல் மலைப்பாம்பு, 7.67 மீட்டர், 158.8 கிலோ. ஃபார்வேர்டு பாம்பு 134 அடி, ஏறக்குறைய 41 மீட்டர். மெடூசாவைவிட ஐந்தேகால் மடங்கு நீளம். நீளம் அத்தனை மடங்கு கூடினால் தடிமனும் அகலமும்கூட அத்தனை மடங்கு கூட வேண்டும். அப்படியானால் எடைக்கு அந்த மடங்கை மும்முறை பெருக்க வேண்டும், சுமார் 150 மடங்கு. புதுப்பெண் கால்குலேட்டரைத் தட்டினார். 24 டன் வந்தது. ஃபார்வேர்டு சொல்வதோ இரண்டு டன்.

“பாவம், சோறே போடல போலிருக்கு” என்றார் தம்பி.

எண்ணை இவ்வளவு துல்லியமாகச் சொன்னால் யாரோ உட்கார்ந்து எண்ணியிருப்பார்கள் என்று நாம் நம்பிவிடுகிறோம். 2,325 விலங்குகளின் ரசீதை எந்தப் பாம்பு வைத்திருந்தது? கேட்கத் தோன்றாது. நியூயார்க் விலங்கியல் சங்கம் முப்பது அடிக்கு மேல் நீளமான உயிருள்ள பாம்பைக் கொண்டுவந்தால் பரிசு என்று அறிவித்து, தொகையை 50,000 டாலர் வரை ஏற்றியும் யாரும் வந்து வாங்கவில்லை. அப்படி ஒரு பாம்பு சாவகாசமாக நம் வாட்ஸப்புக்கு மட்டும் வருமாம்!

சாயங்காலத்தின் உச்சம் அதற்குப் பிறகுதான். ‘முதுநிலை ஆலோசகர்’ பிரின்டரிலிருந்து இறங்கினார்! ரப்பர் பாம்பை ஒரு செல்ஃபி குச்சியின் நுனியில் கட்டி, தம்பி கையில் கொடுத்தார்கள். ஒரு அடி நீளப் பாம்பு. தம்பி போனிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று குச்சியை முன்னால் நீட்டினார். பாம்பு லென்ஸுக்கு அரை மீட்டர் தூரத்தில் தொங்கியது. கிளிக். திரையில் பார்த்தால் தம்பியின் இடுப்பளவுக்கு மேல் நாலடிப் பாம்பு! தூரம் நாலில் ஒன்று, பருமன் நாலு மடங்கு. எந்த மென்பொருளும் வேண்டாம், ஒரு குச்சி போதும். 2021-ல் ஜார்க்கண்டில் இயந்திரக் கை தூக்கிய ராட்சசப் பாம்பு என்று ஒரு காணொளி ஓடியதே, கேமரா பாம்புக்குக் கிட்டத்தில் இருந்ததால்தான் அதுவும் அந்த அளவு ஊதித் தெரிந்தது. எடுத்த இடம் ஜார்க்கண்டும் இல்லை, கரீபியன் தீவான டொமினிக்கா.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? குச்சியையோ கையையோ பாருங்கள், அது கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டு குட்டையாகத் தெரியும். பெரும்பாலும் வெட்டியே விட்டிருப்பார்கள். பாம்பின் நிழல் மனிதனின் காலடியில் விழாது, முன்னாலேயே எங்கோ விழும். பாம்பின் செதில் பளிச்சென்றும், பிடித்திருப்பவன் முகம் லேசாக மங்கியும் இருந்தால் உஷார். வெட்டுவது பற்றிக் கேட்டபோது அக்கா சுவரைக் காட்டினார். நெஸ் ஏரிப் படத்தையும் சுற்றிலும் வெட்டித்தான் வெளியிட்டார்கள். முழுப் படத்தில் ஏரி விரிந்து கிடக்கும், கழுத்தைச் சுற்றியிருப்பது அலை அல்ல, சிற்றலை என்று தெரிந்துவிடும். பொம்மை நீர்மூழ்கி மேல் கழுத்து ஒட்டிய விளையாட்டு என்பது 1994-ல் வெளியே வந்தது. அறுபது வருஷம்!

அடுத்து ஒரு எலும்புக்கூடு, கடலோரத்தில், வளைந்து வளைந்து. ‘டைட்டனோபோவா, கூகுள் மேப்பில் சிக்கியது.’ இதை அடையாளம் காண அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிரான்சில் லுவார் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், சான் ப்ரெவான் கரையில் நிற்கும் சிற்பம். ஹுவாங் யோங் பிங் என்ற கலைஞர் 2012-ல் அலுமினியத்தில் செய்தது, சுமார் 130 மீட்டர். கடல் ஏறும்போது முங்கும், இறங்கும்போது எலும்பு எலும்பாக எழுந்து நிற்கும். கொலம்பியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் புதைபடிவமாகக் கிடைத்த நிஜ டைட்டனோபோவா பதின்மூன்று, பதினாலு மீட்டர்தான். பத்தில் ஒரு பங்கு! எனக்கு என்னவோ சிற்பியின் மேல் பொறாமையாக இருந்தது. தன் பாம்பை உலகமே நிஜம் என்று நம்புவதைவிட ஒரு கலைஞருக்கு வேறென்ன விருது வேண்டும்?

எல்லாம் இப்படிக் கைக்கு அகப்படுகிறதா என்றால், இல்லை. அக்காவின் கணினியில் ‘தெரியவில்லை’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, கொழுத்த ஃபோல்டர். பழைய பிரதி எதுவும் கிடைக்காத படங்கள் அங்கே போகும். எடுத்த நாளையும் கேமராவையும் படக் கோப்பே தனக்குள் வைத்திருக்கும். வாட்ஸப்பில் படமாக அனுப்பும்போது அது உதிர்ந்துவிடும். படமும் ஒவ்வொரு முறை சுருங்கிச் சுருங்கி, ஓரமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். எடிட் செய்த இடத்தை நிறம் போட்டுக் காட்டுவதாகச் சொல்லும் தளங்கள் அப்படிப்பட்ட படத்தில் எல்லா இடத்திலும் நிறம் காட்டும். அதை நம்பித் தீர்ப்பு எழுதினால் மானம் போகும் என்கிறார் அக்கா. எடுத்தவரே நேரில் சிக்கினால் மட்டும், ‘டாக்குமென்ட்டா அனுப்புங்க’ என்று கேட்டு வாங்குவார்கள். அப்படி அனுப்பினால் உள்ளே இருப்பது உதிராது. தேடலில் ஒன்றுமே வரவில்லை என்றால் ‘பொய்’ என்று எழுத மாட்டார்கள். ‘எங்கே, எப்போது எடுத்தது என்று உறுதி செய்ய முடியவில்லை’, அவ்வளவுதான். வாசகர்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. திட்டி ஆடியோ வரும். ஒரு ஆடியோவைப் போட்டுக் காட்டினார்கள். அச்சில் ஏற்ற முடியாது.

ராத்திரி எட்டு மணிக்குமேல் நாகலோகத்து ராணிக்குப் பதில் தயாரானது. மூன்று வரியைத் தாண்டக் கூடாது என்பது விதி. நீண்டால் யாரும் ஃபார்வேர்டு செய்ய மாட்டார்கள். ‘படம் அசல். பாம்பு அல்ல, ஓர்ஃபிஷ் என்ற கடல் மீன். 1996-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் எடுத்தது, லாவோஸில் அல்ல’ என்று எழுதி, கடற்படைப் பத்திரிகையின் இணைப்பையும் சேர்த்து அனுப்பினார் புதுப்பெண். மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீல டிக் விழுந்தது. ‘டைப்பிங்’ என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

‘மிக்க நன்றி. எங்க மாமனார் கேக்கிறாரு: அந்த மீன் திங்கலாமா?’

அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும், தம்பி பக்கம் திரும்பி, “சரி, அதையும் பாரு” என்றார். தம்பி பத்து நிமிஷம் தேடிவிட்டு வந்து சொன்னார்: சதை கொழகொழவென்று ஜெல்லி மாதிரி இருக்குமாம், யாரும் விரும்பிச் சாப்பிடுவதில்லையாம். அதையும் ஒரே வரியில் தட்டி, அனுப்பிவிட்டார்கள்.